பதிலோடு பெயரும் போகிறது

கல்யாணத்துக்கு எந்தப் பட்டுப்பாவாடை என்று வீட்டில் ஒரு விவாதம். பச்சையா, மாம்பழ மஞ்சளா? அம்மா இரண்டையும் உடுத்திக்காட்டச் சொல்லிப் படம் எடுக்கிறாள். அதை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டு, கீழே ஒரு போல் ஸ்டிக்கரை ஒட்டுகிறாள். ராத்திரி சாப்பிட உட்காரும்போது போனைத் திறந்து சத்தமாக வாசிக்கிறாள். "உன் சித்தி பச்சைன்னு போட்டிருக்கா. டியூஷன்ல உன்கூட படிக்கிறவ மஞ்சள். அட, பக்கத்து வீட்டுப் பையன்கூட ஓட்டு போட்டிருக்கான் பாரு!" பதினான்கு வயது மகள் தலை நிமிராமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, தான் தொட்ட பொத்தான் தன் பெயரோடு இந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும் என்று தெரியுமா? அவள் உடையைப் பற்றி அவனும் வாக்களிப்பான் என்று நம் மகளிடம் யாராவது சொன்னோமா?

நான் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன், வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா. இந்த இரண்டு இடத்திலும் நான் அடிக்கடி பார்ப்பது ஒரே தவறான நம்பிக்கையைத்தான். வாக்களித்தால் சதவீதம் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், பெற்றோரும் நினைக்கிறோம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் எளிதில் புரிகிறது. ஓட்டு போட்டவுடன் நம் திரையில் 62, 38 என்று இரண்டு எண்கள்தான் வருகின்றன. நமக்குத் தெரிவது அவ்வளவுதான் என்பதால், கேட்டவருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

உண்மையில் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே திரையை அல்ல. இன்ஸ்டாகிராமில் போல் ஸ்டிக்கர் 2017 அக்டோபரில் வந்தது. ஸ்டோரியைப் போட்டவர் அதைத் திறந்து விரலை மேலே தள்ளினால் போதும். யார் யார் பார்த்தார்கள், யார் வாக்களித்தார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்பது பெயர் பெயராக வந்து நிற்கும். 2018இல் வந்த இமோஜி ஸ்லைடரும் அப்படித்தான், ஒவ்வொருவரும் அதை எதுவரை இழுத்தார் என்பது தெரியும். 2019 ஏப்ரலில் வந்த வினாடி வினா ஸ்டிக்கரில் யார் சரியாகச் சொன்னார், யார் தப்பாகச் சொன்னார் என்பதும் பெயரோடுதான் வரும். பார்வையாளருக்குக் கூட்டுத்தொகை, கேட்டவருக்குப் பெயர்ப் பட்டியல். இந்த ஸ்டிக்கர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு இதுதான்.

ஒரு சின்னக் கணக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சதவீதம்கூட எப்போதும் பெயரை மறைக்காது. ஐந்து தோழிகள் மட்டும் பார்க்கிற ஒரு ஸ்டோரியில் முடிவு 100 என்று வந்தால், வாக்களித்த ஒவ்வொருத்தியும் என்ன சொன்னாள் என்பது ஐந்து பேருக்குமே தெரிந்துவிட்டது. 80, 20 என்று வந்தால், எல்லோரும் ஓட்டு போட்டிருக்கும் பட்சத்தில், மாற்றிப் போட்டவள் ஒருத்திதான் என்று அர்த்தம். மற்ற நாலு பேரும் அடுத்த நாள் காலை பேருந்திலேயே அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு வீட்டுக்கு வாருங்கள். இந்த முறை ஸ்டிக்கரை ஒட்டியது பிள்ளையேதான். முடியை வெட்டிக்கொண்டு வந்த பத்தாம் வகுப்புப் பெண், புதுப் படத்தைப் போட்டு 'நல்லா இருக்கா?' என்று கேட்டு, 'ஆமா', 'இல்ல' என்று இரண்டு விடை வைக்கிறாள். எழுபது பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வாக்களிக்கிறார்கள், அதில் முப்பத்தாறு 'ஆமா', நாலு 'இல்ல'. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "தொண்ணூறு சதவீதம் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க, அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்கிறார்.

அப்பா பார்த்த தொண்ணூறை அவள் பார்க்கவே இல்லை என்பது நமக்கு ஏன் உறைப்பதில்லை?

அவள் திரையில் இருப்பது வேறு. அந்த நாலு 'இல்ல'க்கும் பெயர் இருக்கிறது. அதில் ஒன்று மூன்று வருடமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறவளுடையது. அதைவிட நுட்பமான ஒன்றும் அங்கே இருக்கிறது. பார்த்தவர்கள் பட்டியலும் வாக்களித்தவர்கள் பட்டியலும் அருகருகே கிடைப்பதால், பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போன முப்பது பேரையும் அவளால் பெயர் சொல்லி எண்ண முடியும். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதிலாகப் பதிவாகிறது. வாக்களித்த தோழிக்கும் இதே நெருக்கடிதான். 'ஆமா' போடாவிட்டால் காலையில் கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை, நன்றாக இல்லாவிட்டாலும் 'ஆமா' போடுகிறது. இப்படி வருகிற முப்பத்தாறில் எத்தனை உண்மை, எத்தனை பயம் என்று யாரால் பிரிக்க முடியும்?

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்த்தவர்கள் பட்டியலும் போட்டதிலிருந்து 48 மணி நேரம் வரைதான் கிடைக்கும், அதனால் பெரிய விஷயமில்லை என்று சொல்வோர் உண்டு. ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க இரண்டு விநாடி போதும். தன் பெயர் அந்தப் படத்தில் அகப்பட்டது வாக்களித்தவருக்குத் தெரிய வழியே இல்லை. பள்ளியில் சண்டைகள் பலவும் ஸ்டோரியால் வருவதில்லை, ஸ்டோரி போன பிறகு சுற்றுகிற அந்தப் படத்தால்தான் வருகின்றன.

இனி கேள்விப் பெட்டி. சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் தூங்குகிறான், தம்பி கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, யாரோ ஒரு சீனியர் ஸ்டோரியில் வைத்திருக்கிற 'எதை வேண்டுமானாலும் கேளுங்கள்' பெட்டியில் எதையோ தட்டச்சு செய்கிறான். சிரித்துக்கொண்டே அனுப்புகிறான். அந்தச் சீனியர் ஏற்கெனவே பகிர்ந்த பதில்களைப் பார்த்திருக்கிறான், எதிலும் பெயர் இல்லை. அதனால் தன்னுடையதிலும் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டான்.

பெயரை மறைத்தது பெட்டியா, அதை வைத்தவரா என்று அவனிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

இந்தக் கேள்விப் பெட்டி 2018 ஜூலையில் வந்தபோது பெரியவர்கள்கூட இதே குழியில் விழுந்தார்கள். பெயர் தெரியாது என்று நம்பி, காதல், கோபம், கிண்டல் என்று எழுதியனுப்பியவர்கள், தங்கள் கணக்குப் பெயரோடுதான் அது போய்ச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்து திகைத்தார்கள். நடப்பது இதுதான். பெட்டியில் விழும் ஒவ்வொரு பதிலும் அனுப்பியவர் பெயரோடு, பெட்டி வைத்தவருக்கு மட்டும் காட்டப்படும். அவர் அதில் ஒன்றை எடுத்துத் தன் ஸ்டோரியில் பகிரும்போது பெயர் விடுபட்டு, பதில் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும். ஆக, ஊருக்குத் தெரியாது, பெட்டி வைத்தவருக்குத் தெரியும். யாரைப் பற்றி எழுதினானோ அவரிடமே நம் பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பெட்டி வைத்தவர் நல்லவராக இருந்தால் கதை அதோடு முடியும். இல்லாவிட்டால் பெயரோடு இருக்கும் பக்கத்தை அவர் யாருக்கும் அனுப்பலாம். பெயரை நீக்கிப் பகிர்ந்தாலும், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எழுத்து நடையே காட்டிக்கொடுத்துவிடும். 'சூப்பர்' என்பதை எப்போதும் மூன்று 'ர்' போட்டு எழுதுகிறவன் யார் என்று வகுப்புக்கே தெரியும்.

பெயர் தெரிகிறது என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் அடுத்து எங்கே போகிறார்கள்? பெயர் தெரியவே தெரியாது என்று உறுதி சொல்லும் தனிச் செயலிகளுக்குப் போகிறார்கள். என்ஜிஎல் என்று ஒன்று. அதில் கிடைக்கும் இணைப்பைத் தன் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஒட்டினால், யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் செய்தி அனுப்பலாம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும் இந்த நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் எடுத்த நடவடிக்கையை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணையம் சாட்டிய குற்றம் இது. பிள்ளைகளுக்கு வந்த செய்திகளில் பலவற்றை எந்த நண்பரும் அனுப்பவில்லை. நிறுவனமே கணினியில் உருவாக்கி, நண்பர் கேட்பதுபோல அனுப்பியது. இதைக் கேட்டது யார் என்று பிள்ளை துடிக்கும் நேரத்தில், வாரத்துக்கு 9.99 டாலர் வரை கட்டினால் அனுப்பியவர் யார் என்பதற்குக் குறிப்பு தருவதாகச் சொன்னது. பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது உருப்படியில்லாத குறிப்புதான். வழக்கைத் தீர்த்துக்கொள்ள அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்கவும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தச் செயலியை வழங்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. 'பெயர் தெரியாது' என்ற சொல்லை நம்பிப் போன பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். பிள்ளைக்கு அப்படி ஒரு மோசமான செய்தி வந்தது என்று தெரிந்ததும் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? "யாருடா அனுப்பினது?" அடுத்தது, "உன் கிளாஸ்ல யாருக்கு உன்மேல கோபம்?" அந்த நிறுவனம் வாரக் கட்டணம் கேட்டது எந்தக் கேள்விக்கோ, அதே கேள்வியை நாம் இலவசமாகப் பிள்ளையின் மண்டைக்குள் ஏற்றுகிறோம். அந்த ராத்திரி அவன் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு நினைத்துப் பார்ப்பானே, அதற்கு யார் காரணம்?

இதெல்லாம் இன்ஸ்டாகிராம் சமாச்சாரம், என் பிள்ளைக்கு அதில் கணக்கே இல்லை என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோர் உண்டு. அவர்களை ஒரு வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு அழைத்துப் போகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது? அப்பா ஆசையாக, எல்லோரையும் கலந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், குடும்பக் குழுவில் ஒரு போல் போடுகிறார். 'நம்ம தம்பி என்ன எடுக்கலாம்?' கீழே நாலு விடை: பயோ மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ், இன்னும் யோசிக்கலாம். தம்பியும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

மாலை ஆறு மணிக்குப் போல் வருகிறது. பெரியப்பா முதலில் பயோ மேத்ஸ் போடுகிறார். பெரியப்பா போட்டதைப் பார்த்து பெரியம்மா அதையே போடுகிறார். சென்னையில் டாக்டராக இருக்கும் மாமாவும் பயோ மேத்ஸ். அத்தை மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டார், அரை மணி நேரம் கழித்து அதையும் மாற்றிவிட்டார். தம்பி ராத்திரி ஒன்பதரைக்குத்தான் திறந்து பார்க்கிறான். கீழே "View votes" என்று இருக்கிறது. தொடுகிறான். யார் எதற்குப் போட்டார், எத்தனை மணிக்குப் போட்டார் என்று வரிசையாக இருக்கிறது. அவன் மனதில் ஒரு மாதமாக இருந்தது காமர்ஸ். அதற்கு எதிரே பூஜ்ஜியம். பயோ மேத்ஸைத் தொட்டுவிட்டுப் போனை வைக்கிறான். "பாத்தீங்களா, அவனே அதைத்தான் போட்டிருக்கான்" என்று அப்பா அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்கிறார்.

அவன் போட்டது ஓட்டா, கும்பிடா?

வாட்ஸ்அப் போல் 2022 நவம்பரில் வந்தது. பன்னிரண்டு விடை வரை கொடுக்கலாம். இன்ஸ்டாகிராமில் கேட்டவருக்கு மட்டும் தெரியும் பெயர்கள், இங்கே குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓட்டை மாற்றலாம், எடுத்தும் விடலாம். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்ததை யார் அழிப்பது? போட்ட செய்தியை யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவரால் பெரும்பாலும் பார்க்க முடிவதால், படித்துவிட்டுப் போடாமல் இருப்பவரும் மாட்டிக்கொள்வார். முழுவதும் மறைகுறியாக்கப்பட்டது என்று வாட்ஸ்அப் சொல்வது உண்மைதான். ஆனால் அது வெளியாட்களுக்கு எதிரான பூட்டு. குழுவுக்குள்ளே கதவே கிடையாது.

நாம் தேர்தலில் வாக்களிக்கப் போனால் அட்டைத் தடுப்பு வைத்து மறைக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்ப் பொத்தானை அழுத்த முடியாது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் பாதி ஓட்டு விழும் என்று தெரிந்துதான் சட்டம் அதை வைத்திருக்கிறது. ஐம்பது வயது ஆளுக்கே தேவைப்படுகிற அந்தத் தடுப்பை, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவன் வாழ்க்கையைப் பற்றிய கேள்வியில் நாம் எடுத்துவிட்டோம்.

வகுப்புப் பெற்றோர் குழுவிலும் இதுதான் நடக்கிறது. 'சுற்றுலாவுக்கு உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? கட்டணம் 4,000 ரூபாய்' என்று ஒரு போல். அறுபது பெற்றோர் இருக்கும் குழுவில் 'இல்லை' போடும் அப்பாவின் எண்ணும் பெயரும் அந்த அறுபது பேருக்கும் தெரியும். அடுத்த நாள் அவர் பிள்ளையிடம் யாரோ கேட்பார்கள், "உங்கப்பாகிட்ட காசு இல்லையாடா?" அந்தப் போலைப் போட்டவர் கெட்டவரில்லை. எண்ணிக்கை தெரிந்தால் பேருந்து பேச வசதியாக இருக்கும் என்று நினைத்தார், அவ்வளவுதான். எண்ணிக்கை வேண்டிய இடத்தில் பெயரும் சேர்ந்து வரும் கருவியை எடுத்துவிட்டார்.

கடைசியாகப் பள்ளியிலிருந்து வரும் கூகுள் ஃபார்ம். 'இந்தப் படிவத்தில் உங்கள் பெயர் கேட்கப்படவில்லை. மனம் திறந்து பதில் அளிக்கவும்' என்று மேலே எழுதியிருக்கும். யாராவது உன்னைக் கிண்டல் செய்கிறார்களா, ஆசிரியர் அடித்திருக்கிறாரா, பள்ளிக்கு வரப் பயமாக இருக்கிறதா என்று கேள்விகள். மகள் அம்மாவின் போனில் நிரப்புகிறாள். அம்மா பின்னால் நின்று படிக்கிறாள். "அடிக்கிறாங்கன்னு எல்லாம் போடாத, அப்புறம் மிஸ் உன்மேல கோச்சுக்குவாங்க." மகள் 'இல்லை' என்று தொடுகிறாள்.

பெயர் கேட்காத படிவத்தையும் பெயருள்ள படிவமாக்கியது யார்?

இதில் இரண்டு சங்கதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, படிவத்தின் அமைப்பு. கூகுள் ஃபார்மில் மின்னஞ்சலைச் சேகரிக்கலாமா வேண்டாமா என்பதைப் படிவம் தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். சேகரிக்காத படிவத்தை, கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி திறந்தால், மேலே நம் மின்னஞ்சல் முகவரியின் அருகில் "Not shared" என்று இருக்கும். சேகரிக்கும் படிவம் என்றால், நம் மின்னஞ்சல் பதிலோடு பதிவாகும் என்று அங்கேயே சொல்லும், அல்லது முகவரியைத் தட்டச்சு செய்யக் கேட்கும். நிரப்பத் தொடங்கும் முன் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும். தயாரித்தவர் பக்கத்தில் பதில்கள் மூன்று விதமாகத் திறக்கும்: மொத்தச் சுருக்கமாக, கேள்வி வாரியாக, தனித்தனி ஆளின் முழுப் படிவமாக. எல்லாவற்றோடும் அனுப்பிய நேரமும் பதிவாகும்.

இரண்டாவதுதான் பெரும்பாலானவர்கள் கவனிக்காதது. மின்னஞ்சல் இல்லாவிட்டாலும், கேள்விகளே பெயரைச் சொல்லிவிடும். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வகுப்பும் பிரிவும் கேட்கிறார்கள்: ஒன்பதாம் வகுப்பு பி, 38 பேர். ஆணா பெண்ணா: பெண்கள் 17 பேர். எப்படிப் பள்ளிக்கு வருகிறாய்: பள்ளிப் பேருந்தில் வரும் பெண்கள் 5 பேர். எந்தத் தடம்: ஏழாம் எண் தடத்தில் 1 ஆள். அவ்வளவுதான், நாலே கேள்வியில் பெயர் வந்துவிட்டது. ஐந்தாவது கேள்வி 'பேருந்தில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா' என்பது. அந்தப் பிள்ளை 'ஆமாம்' என்று சொன்னால், சொன்னது யார் என்று வகுப்பாசிரியருக்குக் கணக்குப் போடக்கூடத் தேவையில்லை. மேலே 'பெயர் கேட்கப்படவில்லை' என்று எழுதியிருப்பது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை.

கணக்கெடுப்பு செய்யத் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் மிகச் சிலர் மட்டும் இருந்தால் அந்தப் பிரிவின் விடையைத் தனியாகக் காட்டமாட்டார்கள், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். தேவையில்லாத அடையாளக் கேள்வியைக் கேட்கவும் மாட்டார்கள். பேருந்துத் தொந்தரவைப் பற்றி அறிய வேண்டுமானால் வகுப்பு எதற்கு, ஆணா பெண்ணா எதற்கு? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்த ஒரு கேள்வியை எழுந்து நின்று கேட்டிருக்கிறோமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் தனிப்பட்ட, வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் கையாளும் தரவு அந்தச் சட்டத்துக்குள் வராது. அப்பா போட்ட பிளஸ் ஒன் போலும், அம்மா போட்ட பாவாடை போலும் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது. மேலும், சம்மதம் தர வேண்டியவர்களே நாம்தான். கேட்கிறவரும் அனுமதிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

அதனால் சில காரியங்களை நாமேதான் செய்ய வேண்டும். பிள்ளையின் உடல், உடை, மதிப்பெண், படிப்பு எதையும் போல் போடாதீர்கள். உறவினர் யோசனை வேண்டுமானால் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து கேளுங்கள். அதற்கும் முன்னால், யாரும் இல்லாத நேரத்தில் பிள்ளையிடம் கேட்டு, அவன் சொன்னதை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதில் அவனுடையதாக இருந்தால்தான் அது அவனுடைய பதில்.

வகுப்புக் குழுவில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் போலாகப் போட வேண்டாம் என்று குழு நடத்துபவரிடம் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் அதே எண்ணிக்கை கிடைக்கும். பெயரில்லாமல் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால், டெலிகிராமில் போல் போடும்போது பெயர் மறைப்பு தானாகவே இயக்கத்தில் இருக்கும். கேள்வியின் கீழே "Anonymous Poll" என்று தெரியும், போட்டவருக்கும் பெயர் காட்டாது. அங்கேயும் பெயர் தெரிகிற வகையாக மாற்றிப் போட முடியும் என்பதால், தொடுவதற்கு முன் அந்த வரியைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். எதில் பதில் சொன்னாலும் அந்த நிறுவனத்தின் கணினியில் அது போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைக்குப் பாடமாகச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணக்கில் ஒரு ஸ்டோரி போட்டு, சாம்பாரா ரசமா என்று ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து ஓட்டு போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒன்றில் சதவீதம், மற்றொன்றில் பெயர். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் ஒரு தடவை பார்த்த பிள்ளை, அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கும். கேள்விப் பெட்டியையும் அப்படியே செய்து காட்டலாம்.

பள்ளிப் படிவம் வந்தால் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அவள் என்ன எழுதினாள் என்று பிறகும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். படிவம் யாருக்குப் போகிறது, யார் திறந்து படிப்பார்கள் என்று அனுப்பிய பள்ளியிடம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது, அதைப் பள்ளியிடம் கேளுங்கள், பிள்ளையிடம் அல்ல.

நம்மில் பலர் பிள்ளையின் போனை எடுத்து, அது எதற்கு ஓட்டு போட்டது, யார் பெட்டியில் என்ன எழுதியது என்று புரட்டுகிறோம். பாதுகாப்புக்காகத்தான் பார்க்கிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு பதிலும் கடைசியில் அம்மா அப்பா முன்னால் பெயரோடு வந்து நிற்கும் என்று தெரிந்த பிள்ளை, இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். ஒன்று, எல்லோருக்கும் பிடித்த பதிலைச் சொல்லப் பழகும். இல்லை, பெயர் தெரியாது என்று யார் பொய் சொன்னாலும் அங்கே ஓடும். இந்த இரண்டில் எது நம் வீட்டில் நடக்கிறது?